தாழ்ந்த கோடு இடம் சொல்லாது

நம்பிக்கை: இ.சி.ஜி.யில் எந்த லீடில் எஸ்.டி. பகுதி மாறியிருக்கிறதோ, அந்த லீடு பார்க்கும் இதயச் சுவரில்தான் மாரடைப்பு.

உண்மை: எஸ்.டி. உயர்ந்திருந்தால் இது பெரும்பாலும் சரி. தாழ்ந்திருந்தால் சரியல்ல.

இந்த நம்பிக்கை வெறும் பிழையிலிருந்து பிறந்ததல்ல. ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒரு திசையிலிருந்து பார்க்கிறது. 2, 3, ஏ.வி.எஃப். ஆகியவை கீழிருந்தும், வி1 முதல் வி4 வரை முன்னிருந்தும், 1, ஏ.வி.எல்., வி5, வி6 ஆகியவை இடப்பக்கத்திலிருந்தும் பார்க்கின்றன. ஒரு ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டால் அது ஊட்டும் தசை உள்ளிருந்து வெளிவரை காயப்படும். அந்தச் சுவரை நேராகப் பார்க்கும் லீடுகளில் எஸ்.டி. உயரும். அதனால் 2, 3, ஏ.வி.எஃப். உயர்ந்திருந்தால் கீழ்ச்சுவர் என்று துணிந்து சொல்லலாம். அதே அட்டவணையைத் தாழ்வுக்கும் வைத்துப் படிக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

தாழ்வு ஏன் இடம் சொல்வதில்லை? ரத்தக்குழாய் முழுதும் அடைபடாமல் சுருங்கியிருக்கும்போது முதலில் தவிப்பது தசையின் உட்புற அடுக்கு. அங்கே எழும் காய மின்னோட்டம் இதயத்தின் உள்ளறையை நோக்கி, அதாவது மார்பின் இடப்பக்க லீடுகளுக்கு எதிர்த்திசையில் திரும்புகிறது. விளைவாக வி4 முதல் வி6 வரையிலும் 2-ஆம் லீடிலும் கோடு தாழ்கிறது, ஏ.வி.ஆர். உயரலாம். சுருங்கிய குழாய் எதுவானாலும் படம் ஏறக்குறைய இதுவே. டிரெட்மில் பரிசோதனை இதற்கு நல்ல சான்று. அங்கே தாழ்வு அதிகமாகத் தெரிவது பெரும்பாலும் வி5-இல்தான். அதை மட்டும் வைத்து எந்தக் குழாயில் சுருக்கம் என்று சொல்ல முடியாது.

தாழ்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஆபத்து அதில்தான். வழக்கமான 12 லீடுகளில் எதுவும் இதயத்தின் பின்சுவரை நேராகப் பார்ப்பதில்லை. அங்கே அடைப்பு வந்தால் எழும் உயர்வு, எதிரே மார்பின் முன்புறத்தில் தலைகீழாகத் தாழ்வாகப் பதிகிறது. இப்படி ஓர் இ.சி.ஜி.யை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரமாக நெஞ்சுவலி. வி1 முதல் வி4 வரை எஸ்.டி. 2 மி.மீ. தட்டையாகத் தாழ்ந்திருக்கிறது. வி2-இல் ஆர் அலை உயரமாக நிற்கிறது. டி அலை நிமிர்ந்திருக்கிறது. வேறெங்கும் உயர்வில்லை. அட்டவணைப்படி படிப்பவர் ‘முன்சுவரில் ரத்தக்குறைவு’ என்று எழுதிவிட்டு, டிரோபோனின் முடிவுக்காகக் காத்திருப்பார். அதே தாளைத் தலைகீழாக்கி, பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தாழ்வு உயர்வாகவும், உயரமான ஆர் அலை க்யூ அலையாகவும் தெரியும்.

சந்தேகத்தை உறுதி செய்ய வி4, வி5, வி6 வயர்களைக் கழற்றி, அதே மட்டத்தில் முதுகுப்பக்கம் ஒட்ட வேண்டும்: அக்குளின் பின்கோட்டில் வி7, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேரே வி8, முதுகெலும்பின் இடது ஓரத்தில் வி9. இயந்திரம் பழைய பெயர்களையே அச்சிடும் என்பதால் தாளில் கையால் திருத்தி எழுதுவது அவசியம். இங்கே 0.5 மி.மீ. உயர்வே போதும் (40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 1 மி.மீ.). முதுகுக்கும் இதயத்துக்கும் தூரம் அதிகம், நடுவே நுரையீரல் வேறு இருப்பதால் அலைகள் சிறுத்தே பதியும். நம் நோயாளிக்கு இந்த மூன்றிலும் 1 மி.மீ. உயர்வு தெரிந்தால், அது பின்சுவர் மாரடைப்பு. பெரும்பாலும் இடப்பக்கத்து சர்க்கம்ஃபிளெக்ஸ் குழாய் அடைபட்டிருக்கும்.

‘எப்படியும் ஆஞ்சியோகிராம் செய்யத்தானே போகிறார்கள், பெயரில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். பெயர்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. வெறும் தாழ்வு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடக் கூடாது. ஆஞ்சியோகிராமும் மறுநாளுக்குத் தள்ளப்படலாம். பின்சுவர் மாரடைப்பு என்றால் குழாயை உடனே திறக்க வேண்டும். அந்த வசதி எட்டாத இடத்தில் ஊசிக்கும் இடமுண்டு. காத்திருக்கும் நேரத்தில் தசை செத்துக்கொண்டிருக்கும்.

‘முன்புறத் தாழ்வு உண்மையிலேயே ரத்தக்குறைவாகவும் இருக்கலாமே?’ என்பது நியாயமான மறுப்பு. இருக்கலாம். தாழ்வு எங்கே மிக ஆழமாக இருக்கிறது என்பதே பிரித்தறிய உதவும் முதல் தடயம். வி5, வி6 நோக்கி ஆழம் கூடி, ஏ.வி.ஆர். உயர்ந்திருந்தால் உள்ளடுக்கின் பரவலான தவிப்பு. வி1 முதல் வி4 வரைதான் மிக ஆழம் என்றால் பின்சுவரைச் சந்தேகிக்க வேண்டும். முதுகு லீடுகளில் உயர்வு தெரியாததாலேயே அடைப்பு இல்லை என்றும் ஆகிவிடாது. வலி நீடித்தால் இ.சி.ஜி.யை மீண்டும் எடுத்து, எக்கோவில் பின்சுவர் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்வைக் கண்டதும் ‘எந்தச் சுவர்?’ என்று எழுதுவதற்கு முன், ‘இதற்கு எதிர்ப்பக்கம் எங்கே உயர்ந்திருக்கிறது?’ என்று தேடுவதே சரியான வரிசை.