வேலை விவரம் தெரியாதபோது நேர்காணலில் கேட்க வேண்டியவை

பதவி, அனுபவம், திறமை எதையும் சொல்லாமல் 'ஆள் தேவை' என்று மட்டும் சொல்லப்பட்டால், முதல் கேள்விகள் முதலாளிக்குத்தான். சேருபவர் முதல் 3 மாதத்தில் எதை முடித்துக் கொடுக்க வேண்டும்? யாரையும் கேட்காமல் எவ்வளவு தொகை வரை முடிவெடுக்கலாம்? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே வேலையும் அதன் பொறுப்பும் பெருமளவு தெளிந்துவிடும்.

பதில் கிடைக்காவிட்டால், நேர்காணலுக்கு வந்தவரிடம் முன்பு நடந்ததைக் கேட்பதே நல்லது. "வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்றால் "பொறுமையாகப் பேசுவேன்" என்ற மனப்பாடப் பதிலே வரும். "கடைசியாக ஒருவர் கோபப்பட்டபோது என்ன செய்தீர்கள்?" என்றால் உண்மைச் சம்பவம் வெளிவரும். ஜவுளிக்கடையில் இருந்த ஒருவர், சாயம் போன புடவையை மேலாளரிடம் கேட்டு மாற்றிக் கொடுத்ததாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மேலாளர் இல்லாத நாளில்?" என்று தொடர வேண்டும். பில்லைச் சரிபார்த்துத் தானே மாற்றிக் கொடுத்து, மறுநாள் கணக்குச் சொன்னவர் பொறுப்பேற்றுப் பழகியவர். காத்திருக்கச் சொன்னவருக்கு மேற்பார்வை தேவைப்படலாம். காத்திருக்கச் சொல்வதே அந்தக் கடையின் விதியாக இருந்ததா என்றும் கேட்டுவிட வேண்டும்.

"தெரியாத ஒரு வேலையை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?", "செய்த தவறு ஒன்றை எப்படிச் சரிசெய்தீர்கள்?" ஆகியவையும் எந்த வேலைக்கும் பொருந்தும். பதில் முழுக்க "நாங்கள் செய்தோம்" என்றே போனால், "அதில் உங்கள் பங்கு எது?" என்று கேட்பது அவசியம்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதில்களை அங்கேயே குறித்துக்கொண்டால்தான் பிறகு ஒப்பிட முடியும். சாதி, மதம், திருமணம் பற்றிய கேள்விகளுக்கு இதில் இடமில்லை.