வீட்டுப்பாடம் கூடினால் மார்க் கூடுமா?

கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளி நல்ல பள்ளியா என்று பெற்றோர் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கட்டணம், வேன், ஆங்கிலம். அதற்கு அடுத்தபடியாக டைரி. சாயங்காலம் வேனில் இருந்து இறங்கும் பிள்ளையின் டைரியில் நான்கைந்து வரி இருந்தால் "பள்ளிக்கூடத்தில் நடத்துகிறார்கள்" என்று மனசு நிறைகிறது. வரி இல்லாவிட்டால், "என்ன மிஸ், ஹோம்வொர்க்கே குடுக்கறதில்லையா?" என்று மறுநாள் கேட்டுவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கும் இதே கேள்விதான்.

நம்பிக்கை: வீட்டுப்பாடம் நிறைய எழுதும் பிள்ளை நன்றாகப் படிக்கும்.

இதை அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் தோண்டிப் பார்த்தார். அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, வீட்டுப்பாடத்துக்குச் செலவான நேரமும் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று 1989-ல் கணக்கிட்டார். முழுக்க ஒட்டிப் போனால் 1, ஒட்டே இல்லாவிட்டால் 0. உயர்நிலை மாணவர்களுக்குக் கிடைத்தது சுமார் 0.25. மூன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்குக் கிடைத்தது 0.02, அதாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2006-ல் புதிய ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி பார்த்தபோதும் சின்ன வகுப்புகளின் நிலை பெரிதாக மாறவில்லை.

இதைக் கேட்டதும் "அப்படியானால் வீட்டுப்பாடமே வீண்" என்று சிலர் குதிக்கிறார்கள். அவசரப்படக் கூடாது. கூட்டல் புரிந்த பிள்ளை கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு விளையாடப் போய்விடும். புரியாத பிள்ளை ஒன்றரை மணி நேரம் நோட்டைப் பிடித்துக்கொண்டு அழும். நேரத்தை மட்டும் அளந்தால், அதிக நேரம் உட்கார்ந்த பிள்ளை குறைந்த மார்க் வாங்கியதாகத்தான் தெரியும். அதே 2006 தொகுப்பில், சில வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்ட சோதனைகளும் இருந்தன. கொடுத்த வகுப்புப் பிள்ளைகள், அந்தப் பாடத்தின் முடிவில் வைத்த தேர்வில் கூடுதலாகவே வாங்கினார்கள். ஆனால் அந்தச் சோதனைகள் கொஞ்சம்தான், குறைகளும் உள்ளவை. அளந்ததும் அந்த ஒரு பாடத்தை மட்டுமே.

ஆகவே என் வாதம் இவ்வளவுதான். தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்தின் அளவைக் கூட்டினால் படிப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒரு பயிற்சியைச் சரியாகக் கொடுத்தால் சின்னப் பலன் உண்டு. அந்தச் "சரியாக" என்பதில்தான் நம் பள்ளிகள் சறுக்குகின்றன.

நம்பிக்கை: தப்போ சரியோ, எழுத எழுதக் கை பழகிவிடும்.

கை பழகும், தப்பும் சேர்ந்தே பழகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கழித்தல் நோட்டை எடுத்துக்கொள்வோம். 75-ல் இருந்து 23 போனால் 52. சரி. 62-ல் இருந்து 38 போனால்? பிள்ளை 36 என்று எழுதியிருக்கிறது. 53-ல் இருந்து 27-க்கு 34. 81-ல் இருந்து 46-க்கு 45. மேலோட்டமாகப் பார்த்தால் கவனக்குறைவு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே காரியம் நடந்திருக்கிறது: 2-ல் இருந்து 8 போகாது என்பதால், 8-ல் இருந்து 2-ஐக் கழித்து 6 என்று போட்டிருக்கிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல் பெரியதில் இருந்து சின்னதைக் கழி என்பது அந்தப் பிள்ளை தானாக வகுத்துக்கொண்ட விதி. அதனால்தான் கடன் வாங்கத் தேவையில்லாத 75 − 23 மட்டும் தப்பித்தது.

இந்தப் பிள்ளைக்கு இருபது கழித்தல் கணக்கு கொடுத்து அனுப்பினால், அந்தத் தப்பு விதியை இருபது முறை உறுதிப்படுத்திக்கொண்டு வரும். வகுப்பில் நாற்பது நோட்டு குவிந்திருக்கும்போது ஆசிரியர் ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஐந்து கணக்கு போதும்: கடன் வாங்காதது இரண்டு, வாங்குவது மூன்று. முதல் இரண்டு சரியாகவும் பின் மூன்றும் ஒரே மாதிரித் தப்பாகவும் இருந்தால், பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து 62 என்பதை ஐந்து கட்டும் பன்னிரண்டு குச்சியுமாக மறுபடி காட்ட வேண்டும். அது வகுப்பறை வேலை. வீட்டில் தனியாக நடக்காது.

நம்பிக்கை: வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

யார்? வேர்க்கடலை பிடுங்கும் நாளில் அம்மா இருட்டிய பிறகுதான் திரும்புவார். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். ஆயாவுக்குப் பேரன் நோட்டில் இருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கடைசியில் டியூஷன் அக்கா பதிலைக் கரும்பலகையில் எழுத, பத்துப் பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். மறுநாள் எல்லா நோட்டும் சரியாக இருக்கும். அதில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் தெரியும்.

பள்ளி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பிள்ளையோடு ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. தெருவிலேயே தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிப்பித்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக, 24 சதவீதம், இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மீதி பெரும்பாலும் பள்ளி திறந்ததன் பலன் என்பதையும் மறக்கக் கூடாது.

நம்பிக்கை: வீட்டுப்பாடம் கொடுப்பது பள்ளியின் விருப்பம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது. 2020-ல் வந்த புத்தகப்பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 24 நிமிடம். "ஒன்று முதல் நூறு வரை ஐந்து தடவை எழுது" என்ற ஒரே கட்டளை அதை விழுங்கிவிடும்.

அந்த 24 நிமிடத்தில் இருபதை நான் இப்படிப் பிரிப்பேன். பத்து நிமிடம் வகுப்பில் ஏற்கெனவே படித்த பக்கத்தை வாய்விட்டு வாசிப்பது. கேட்கிறவருக்கு எழுத்தறிவு தேவையில்லை, பிள்ளை எங்கே திக்குகிறது என்பது ஆயா காதுக்கே தெரியும். இன்னொரு பத்து நிமிடம் அன்று வகுப்பில் போட்ட கணக்கு வகையில் ஐந்து. மறுநாள் முதல் பீரியடில் அந்த ஐந்தையும் பார்க்க முடியாத ஆசிரியர், அவற்றைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் டைரி ஏன் காலி என்று கேட்க வேண்டாம். பிள்ளையின் கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், போன வாரம் தப்பாய்ப் போன கணக்கு எது, அதற்குப் பிறகு வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.