ஆய்வுத் திட்டத்திலிருந்து தகவல் தாளுக்கு: எலிக்காய்ச்சல் ஆய்வை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வு ஒன்றுக்கு அனுமதி கோருபவர், அறிவியலர் படிப்பதற்கான ஆய்வுத் திட்டத்தோடு, பங்கேற்கப் போகிறவர் படிப்பதற்கான தகவல் தாளையும் நெறிமுறைக் குழுவிடம் அளிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒப்புதல் ஆவணத்துக்கு இரு பகுதிகள் உண்டு. முதலாவது இந்தத் தகவல் தாள், இரண்டாவது கையொப்பமிடும் படிவம். முதற்பகுதியைத் திட்டத்தின் சுருக்கமாகக் கருதி எழுதுவதே பெரும்பாலான குறைகளுக்குக் காரணம். திட்டம் ஆய்வாளரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தாளோ பங்கேற்பாளரின் உடலுக்கும் நாள்களுக்கும் கூலிக்கும் என்ன நேரும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியது.

இதைக் காவிரிப் படுகைக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குத் தோல் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்து இதைத் தடுக்க முடியுமா என்று அந்தமானில் ஓர் ஆய்வு 12 வாரங்கள் நடந்து, அதன் முடிவுகள் 2000இல் வெளிவந்தன. அதே முறையைத் தஞ்சாவூர்ப் பகுதியின் சம்பா வயல்களில் நடவு, களையெடுப்பு வேலை செய்பவர்களிடம் ஆராய ஒரு திட்டம் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம்.

முதல் வேலை, திட்டத்தைப் படித்து, பங்கேற்பாளரைத் தொடும் வரிகளை மட்டும் தனியே குறித்தெடுப்பது. மாதிரி அளவுக் கணக்கீடு, புள்ளியியல் முறை, ஆய்வகச் சோதனையின் நுட்பப் பெயர் ஆகியவற்றை விட்டுவிடலாம். மொத்தம் எத்தனை பேர் சேர்க்கப்படுவர் என்ற எண் மட்டும் தாளில் இருக்க வேண்டும். குறித்தெடுத்த வரிகளைத் திட்டத்தின் வரிசையில் வைக்காமல் நாட்காட்டி வரிசையில் அடுக்க வேண்டும். “வாரம் 0, வாரம் 12 ஆகியவற்றில் 5 மில்லி சிரை இரத்தம்” என்ற வரி, “ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் உங்கள் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் எடுப்போம், இடைப்பட்ட 12 வாரங்களிலும் வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மாத்திரைகளை எங்கள் பணியாளர் முன்னிலையில் விழுங்க வேண்டும்” என்று மாறும். இதற்காக வேலை நேரம் எவ்வளவு போகும், இழந்த கூலிக்கும் பேருந்துச் செலவுக்கும் எவ்வளவு தரப்படும் என்பதும் அதே இடத்தில் வருவது நல்லது, ஏனெனில் தினக்கூலிக்காரர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

தாளின் முதல் வரியே இது ஆய்வு என்று சொல்லிவிட வேண்டும். யானைக்கால் நோய் ஒழிப்புக்காக அரசுப் பணியாளர்கள் வீடுவீடாக மாத்திரை கொடுத்துப் பழகிய பகுதி இது. சுகாதார நிலையத்தின் பெயரோடு வரும் எந்த மாத்திரையையும் அரசுத் திட்டம் என்றே மக்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே, “இது அரசு வழங்கும் மாத்திரைத் திட்டம் அன்று, இந்த மாத்திரை இங்கே பயன் தருமா என்பது இன்னும் தெரியாததால் நடத்தப்படும் ஆய்வு” என்று எழுதுவதில் தயக்கம் கூடாது.

மிகக் கடினமான பகுதி சமவாய்ப்பு ஒதுக்கீடு. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் முன்னரே தயாரித்த எண்வரிசைப்படி பிரிப்பதை இச்சொல் குறிக்கிறது. பலர் இதைக் ‘குலுக்கல்’ என்று எழுதிவிடுகின்றனர். ஆனால் குலுக்கல் சீட்டு நடக்கும் ஊரில் குலுக்கல் என்றால் ஒருவருக்குப் பரிசு விழுகிறது என்று பொருள்படும், பெயர் வராதவர் தோற்றவராகிவிடுவார். நடப்பதை அப்படியே விவரிப்பது இதைவிடத் தெளிவு: “பாதிப் பேருக்கு மருந்து மாத்திரையும் மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற, மருந்து இல்லாத மாத்திரையும் கிடைக்கும். யாருக்கு எது என்பதைக் கணினி தரும் வரிசை முடிவு செய்யும். உங்கள் உடல்நிலையைப் பார்த்தோ, தெரிந்தவர் என்பதற்காகவோ யாரும் தேர்ந்து கொடுப்பதில்லை. உங்களுக்குக் கிடைத்தது எது என்பது ஆய்வு முடியும்வரை உங்களுக்கும் தெரியாது, மாத்திரை கொடுப்பவருக்கும் தெரியாது. அவசரத் தேவை வந்தால் மருத்துவர் கண்டறிய வழி உண்டு.” வெற்று மாத்திரை பெறுபவரும் பாதுகாப்பை நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதால், மாத்திரை எதுவானாலும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வரவேண்டும் என்ற வரி இதையடுத்து வர வேண்டும்.

நன்மையைச் சொல்லும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தமான் ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 7 பேரும் நோயுற்றனர். ஆனால் கிருமி உடலில் நுழைந்ததற்கான இரத்தச் சான்று இரு பிரிவிலும் பெரிதாக வேறுபடவில்லை. எனவே “மாத்திரை தொற்றைத் தடுக்கும்” என்பது பொய்யான வாக்குறுதி. “நோய் வெளிப்படுவதைக் குறைக்கலாம் என்று வேறோர் இடத்து ஆய்வு காட்டியது, இங்கும் அப்படியா என்பது தெரியாது, உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்காமலும் போகலாம்” என்பதே சரியான அளவு. விழுக்காட்டை விட ‘நூறு பேரில் இத்தனை பேர்’ என்ற நடை காதில் எளிதாக ஏறும்.

தீங்கைச் சொல்லும்போது மருந்து உறையில் உள்ள பட்டியலை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. வயல்வேலைக்காரருக்கு எது பொருந்தும் என்று தேர்ந்து எழுத வேண்டும். டாக்சிசைக்ளின் உட்கொண்டவரின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து எரியும்; நாள் முழுதும் வெயிலில் குனிந்து நிற்பவருக்கு இதுவே தலையாய செய்தி. மாத்திரையைப் போதிய தண்ணீரின்றி விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்டால் மருந்து சரியாக உட்கிரகிக்கப்படாது. கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து கூடாது. நடவில் பெண்களே மிகுதி என்பதால், கர்ப்பச் சோதனை செய்யப்படும் என்பதையும், அதன் முடிவு உடன் வேலை செய்பவர்களுக்கோ வீட்டாருக்கோ சொல்லப்படாது என்பதையும் தாள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

தன்விருப்பம் பற்றிய பகுதியை வழக்கமான ஒற்றை வரியோடு முடிப்பது போதாது. ஆள் சேர்க்கும் மேஸ்திரியோ நிலக்காரரோ தலையசைத்தால் அவர்கீழ் உள்ள அனைவரும் சம்மதித்ததாகக் கொள்ளும் பழக்கம் இருக்கும் இடங்களில், மறுப்பவரின் வேலைக்கும் சுகாதார நிலையச் சிகிச்சைக்கும் கேடு வராது என்று பெயர் சுட்டியே சொல்ல வேண்டும். 2009இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தில், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தின் விடுதி மாணவியர் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டது பின்னர் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. இடைநிலையாளர் கொடுக்கும் இசைவு ஊருக்குள் நுழைய உதவுமே தவிர, தனிமனிதரின் ஒப்புதலுக்கு ஈடாகாது. இதையடுத்து, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் எங்கே, யாரிடம் பெறுவது என்பதும், முதன்மை ஆய்வாளர், நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலர் ஆகிய இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இடம்பெற வேண்டும்.

எழுதிய தாளை, ஆய்வில் சேராத சில வயல்வேலைக்காரர்களிடம் உரக்கப் படித்துக் காட்டிச் சோதிப்பது அடுத்த படி. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பர், “யாருக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்வது யார்?”, “நான்காம் வாரத்தில் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்?” என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு “டாக்டர் என் உடம்புக்கு ஏத்ததைக் கொடுப்பாரு” என்ற விடை வந்தால் ஒதுக்கீட்டுப் பத்தியைத் திருத்தி எழுத வேண்டும். எழுத்தறியாதோர் சேரும் ஆய்வில், தாள் முழுவதும் படிக்கப்படும்போது ஆய்வுக்குத் தொடர்பில்லாத, எழுத்தறிந்த ஒரு சாட்சி உடனிருந்து கையொப்பமிட வேண்டும் என்பதால், ஒப்புதல் படிவத்தில் கைரேகைக்கும் சாட்சிக்கும் தனி இடம் விடப்பட வேண்டும்.

சமர்ப்பிக்கும்போது தமிழ்த் தாளோடு ஆங்கிலத் தாளும் வைக்கப்படும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்த படியையும் பல குழுக்கள் கேட்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். குழு ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னாலும் எண் மாறும். ஆய்வு தொடங்கிய பின் புதிய தீங்கு எதுவும் தெரியவந்தால், புதிய பதிப்புக்கு அனுமதி பெற்று, ஏற்கெனவே சேர்ந்தவர்களிடம் மீண்டும் ஒப்புதல் வாங்கிய பின்னரே அடுத்த வார மாத்திரையைக் கொடுக்கலாம்.