வீட்டுச் செலவும் தொழில் செலவும்: ஃப்ரீலான்ஸர் கணக்கில் சில தவறான நம்பிக்கைகள்

“கரண்ட் அக்கவுண்ட் இல்லாவிட்டால் தொழில் செலவு காட்ட முடியாது.”

இந்திய வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. செலவு முழுக்கத் தொழிலுக்காகச் செய்யப்பட்டதா, அதில் சொந்தச் செலவு கலக்கவில்லையா என்பதையே சட்டம் பார்க்கிறது. ஆனாலும் தனிக் கணக்கு வைத்திருப்பது நல்லது. மளிகைக்கடைக்கு ஜிபேயில் அனுப்பிய பணமும் மென்பொருள் சந்தாவும் ஒரே ஸ்டேட்மென்ட்டில் கலந்து கிடந்தால், ஆண்டு முடிவில் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. வாடிக்கையாளர் தரும் பணம் ஒரு கணக்கில் விழ வேண்டும். தொழில் செலவும் அதிலிருந்தே போக வேண்டும். வீட்டுக்காக மாதந்தோறும் எடுக்கும் தொகை சொந்த எடுப்பு. அதற்குச் ‘சம்பளம்’ என்று பெயரிட்டாலும் அது செலவாகாது.

“வீட்டிலிருந்தே வேலை செய்தால் வாடகை முழுவதையும் கழிக்கலாம்.”

தொழிலுக்குப் பயன்படும் பங்கை மட்டுமே கழிக்கலாம். 12,000 ரூபாய் வாடகை வீட்டில் ஐந்தில் ஒரு பங்குப் பரப்பு அலுவலக அறையாக இருந்தால், மாதம் 2,400 ரூபாய் செலவாகும். இணையம், மின்சாரம், கைபேசிக் கட்டணங்களுக்கும் இதே போல நியாயமான பங்கு உண்டு. பங்கை எப்படிக் கணக்கிட்டோம் என்று ஒரு தாளில் எழுதி வைப்பது அவசியம். கேள்வி வந்தால் அதுதான் பதில். வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதற்கு வாங்கிய சட்டை மட்டும் எந்தப் பங்கிலும் சேராது.

“லேப்டாப் விலையை வாங்கிய ஆண்டிலேயே கழித்துவிடலாம்.”

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். லேப்டாப் மூலதனச் சொத்து. அதற்குத் தேய்மானம் மட்டுமே உண்டு. கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்கும் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதி. ஒருவர் 80,000 ரூபாய்க்கு டிசம்பரில் வாங்கி, வேலைக்கு மட்டுமே பயன்படுத்துகிறார் என்றால், முதல் ஆண்டில் 16,000 ரூபாய் கழியும். மீதி 64,000. மறு ஆண்டு அதில் 40 சதவீதமான 25,600. வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பயன்படுத்தினால் தொழில் பங்கு மட்டுமே கணக்கில் வரும்.

“புதிய வரி முறையில் எதையும் கழிக்க முடியாது.”

காப்பீடு, பிஎஃப் போன்ற சேமிப்புக் கழிவுகள்தாம் அதில் பெரும்பாலும் இல்லை. தொழில் செலவும் வழக்கமான தேய்மானமும் புதிய முறையிலும் கழியும்.

“44ஏடிஏ-வில் பாதி போக, செலவையும் கழிக்கலாம்.”

முடியாது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் எனப் பட்டியலிட்ட தொழில்களுக்கான இந்த உத்தேச முறையில், வரவில் குறைந்தது பாதி வருமானமாகக் கொள்ளப்படுகிறது. தேய்மானம் உட்பட எல்லாச் செலவும் மீதிப் பாதியில் அடங்கிவிட்டதாகவே கருதப்படும். உண்மைச் செலவு வரவில் பாதியைத் தாண்டுபவர் முறையான கணக்குப் புத்தகம் வைத்து, அதைக் காட்டித் தாக்கல் செய்வதே லாபம்.