லேபிள் சரி, எண்ணெய்தான் பொய்

நல்லெண்ணெய் பாட்டில் படம் ஒன்றில் பழைய லேபிளை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வேலை. "ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு சார், ஹைலைட் சரியில்ல" என்று விளம்பர நிறுவனத்தார் திருப்பி அனுப்பினார்கள். ஹைலைட்டில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

லேபிளை வளைப்பது பெரிய வித்தை அல்ல. Smart Object ஆக்கி, Edit > Transform > Warp போய், மேல் கீழ் விளிம்புகளைப் பாட்டிலின் வளைவுக்கு இழுத்தால் போதும். கேமராவின் உயரத்துக்கு நேரான கோடு வளையாது. அதிலிருந்து விலக விலக வளைவு கூடும். பலர் விடுவது பக்கவாட்டு நெருக்கத்தைத்தான். பாட்டிலின் நடுவிலிருந்து 30 டிகிரி வரையுள்ள பகுதி பாதி அகலத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தின் கடைசி 30 டிகிரிக்கு மிஞ்சுவது 13 சதவீதம்தான். ஓர எழுத்துகளை அந்த அளவுக்கு நெருக்காவிட்டால் லேபிள் தட்டையாகவே நிற்கும்.

ஹைலைட்டைத் தனி லேயரில் Screen முறையில் வைத்தேன். கண்ணாடியில் கூர்மையாக வரும் ஒளிப்பட்டை காகிதத்தில் ஏறியதும் மங்கிப் பரவ வேண்டும். அந்த மாற்றம் லேபிள் விளிம்பிலேயே நடக்க வேண்டும். நடந்திருந்தது.

பிறகு எங்கே உதைத்தது? புது லேபிள் பழையதைவிட அகலம் குறைவு. இருபக்கமும் திறந்துகொண்ட பட்டைகளில் எண்ணெய் தெரிய வேண்டும். லேபிளை உரித்த பாட்டிலில் ஒரு ஷாட் கேட்டேன். "போட்டோஷாப்ல பாத்துக்கலாம்" என்றார்கள். அவர்களுடைய டிசைனரே பட்டைகளை நிரப்பி அனுப்பினார். பாட்டிலுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம் கறுப்பு அட்டை இருந்ததால், இடப் பட்டையை இருட்டாக்கியிருந்தார்.

எண்ணெய் நிறைந்த உருண்டைப் பாட்டில் ஒரு லென்ஸ். தள்ளிப் பின்னால் இருப்பதை அது இடம் வலம் மாற்றிக் காட்டும். இடப்பக்க அட்டை எண்ணெயில் வலது ஓரத்தில்தான் தெரியும். எண்ணெய் எட்டாத கழுத்துப் பகுதியில் அது இடப்பக்கமே நிற்கும். கண்ணாடியின் மேற்பரப்பில் விழும் பிரதிபலிப்பும் பக்கம் மாறாது. பின்சுவரில் ஒட்டிய லேபிளோ திரும்பாமல், அகலம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் விரிந்து தெரியும். இந்தக் கணக்கைப் பார்ப்பவர் யாரும் போடுவதில்லை. ஆனால் கழுத்தும் உடலும் ஒரே பக்கம் இருண்டிருந்தால் கண் உறுத்தும். உறுத்தல் எண்ணெயில், பழி ஹைலைட்மேல்.

பட்டைகளைப் பக்கம் மாற்றி நிரப்பினேன், ஹைலைட்டைத் தொடவேயில்லை. படம் ஓகே ஆனது.

லேபிள் மாற்றச் சொல்லிப் படம் அனுப்புகிறவர்களே, லேபிளை உரித்து, எண்ணெயோடு, அதே லைட்டில் இன்னொரு ஷாட்டும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் வரும் வேலைக்கு இப்போதெல்லாம் இரட்டைக் கட்டணம் வாங்குகிறேன்.