"பெர்சனல் ஒர்க்" எங்கே செல்லும், எங்கே செல்லாது

"குட் மார்னிங் மேம், கொஞ்சம் பெர்சனல் ஒர்க் இருக்கறதால இன்னைக்கு காலேஜ் வர முடியல. தேங்க்யூ மேம்."

இந்த மெசேஜ் உங்க போன்லயும் இருக்கும். பழைய சாட்ல தேடி எடுத்து, தேதியை மட்டும் மாத்தி அனுப்பியிருப்பீங்க. இது பொய்யும் இல்ல, தப்பும் இல்ல. பேங்க்ல கேஒய்சி, ஆர்டிஓ ஆபீஸ், வீட்டுக்கு பெயின்டர் வர்றது, இல்ல சும்மா ஒரு நாள் தூங்கணும்... எல்லாமே பெர்சனல் ஒர்க் தான். இதை எல்லாம் கிளாஸ் அட்வைசர்கிட்ட விளக்கமா சொல்லணும்னு யாரும் எதிர்பார்க்கல.

அப்போ எப்போ இது சிக்கலாகுது? அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இதைப் படிக்கறவங்க, நான் சொல்ற காரணத்தை வச்சு ஏதாவது முடிவு எடுக்கணுமா? இல்லன்னா "பெர்சனல் ஒர்க்" போதும். ஆமான்னா, அது பத்தாது. ஒரு நாள் லீவ், அட்டெண்டன்ஸ் தாராளமா இருக்கு, அன்னைக்கு டெஸ்டும் இல்ல, லேபும் இல்ல. மேம் ஆப்சென்ட்னு போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. காரணம் அவங்களுக்குத் தேவையே இல்ல.

நம்ம அப்பா அம்மா தலைமுறையோட லீவ் லெட்டர்லயும் இதே வழக்கம் தான். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அதுக்கு "சொந்த வேலை காரணமாக"ன்னு எழுதினா போதும். ஆனா அதே அரசு விதிகள்ல ஈட்டா விடுப்புன்னு இன்னொன்னு இருக்கு. அதுல சொந்தக் காரணத்துக்கு எடுக்கறது தனி, மருத்துவச் சான்றின் பேர்ல எடுக்கறது தனி. அங்க காரணத்தோட வகை மாறினா, கிடைக்கற விடுப்பே மாறிடும். நம்ம காலேஜ் விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

அண்ணா பல்கலைக்கழக விதி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: 75% அட்டெண்டன்ஸ் வேணும். 65%க்கு மேல, 75%க்குக் கீழ இருந்தா, மருத்துவக் காரணமோ விளையாட்டுப் போட்டியோ இருக்கணும், அதுக்குச் சான்றிதழும் வேணும். அப்போதான் பரீட்சை எழுத விடுவாங்க. இந்த இடத்துல "பெர்சனல்"ங்கற வகையே கிடையாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, வேற காலேஜ். அவளோட சம்மதத்தோட, அடையாளத்தை மாத்திச் சொல்றேன். வாரா வாரம் வியாழக்கிழமை மனநல மருத்துவரைப் பார்க்கணும். ஓபி அன்னைக்கு மட்டும் தான், டோக்கன் வாங்கி முடிக்கவே மதியம் ஆயிடும். இதை அட்வைசர்கிட்ட சொல்ல அவளுக்கு இஷ்டமில்ல. நியாயம் தானே? அதனால 12 வாரமும் "பெர்சனல் ஒர்க்"னே அனுப்பினா, மறுநாள் லீவ் லெட்டர்லயும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டா.

கணக்கைப் பாருங்க. செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வச்சுக்கோங்க. அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, காய்ச்சல்னு 14 நாள். ஆஸ்பத்திரிக்கு 12 நாள். மொத்தம் 26. வந்தது 64 நாள், அதாவது 71%. அந்த 12 வியாழக்கிழமை இல்லன்னா 76 நாள், 84%. அதாவது அவளுக்கு விழுந்த பற்றாக்குறை முழுக்க முழுக்க மருத்துவக் காரணத்தால தான். விதி அவளுக்குச் சாதகமா தான் இருக்கு.

ஆனா சான்றிதழோட ஹெச்ஓடி முன்னாடி நின்னப்போ அவர் கேட்டது, "12 லெட்டர்லயும் பெர்சனல்னு நீயே எழுதியிருக்கியேம்மா, இப்போ எப்படி மெடிக்கல் ஆச்சு?" அவர் கெட்டவர் இல்ல. அவரும் பிரின்சிபாலுக்குப் பதில் சொல்லணும், ஃபைல்ல இருக்கற காகிதம் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா அவர் கையெழுத்துக்குத் தான் கேள்வி வரும். கடைசில அவ ஓபி நோட்டையே கொண்டு போய்க் காட்ட வேண்டியதாச்சு. தேதி முத்திரை இருந்ததால ஏத்துக்கிட்டாங்க. ஆனா அந்த நோட்டுல துறையோட பேரும் இருந்தது, மாத்திரை பேரும் இருந்தது. அது மூணு மேஜை தாண்டிப் போச்சு. எதை மறைக்கணும்னு "பெர்சனல்"னு எழுதினாளோ, அதுவே எல்லார் கண்ணுலயும் பட்டுடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, வகையைச் சொல்றது வேற, விவரத்தைச் சொல்றது வேற. நாம பல பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம். முதல் வாரமே அவ இப்படி அனுப்பியிருக்கலாம்:

"சார், மருத்துவர் ஆலோசனைக்காக இந்த செமஸ்டர் முழுக்க வியாழக்கிழமை ஆஸ்பத்திரி போகணும். விவரம் சொல்ல விருப்பமில்ல சார், தேவைப்படும்போது மருத்துவர்கிட்ட இருந்து கடிதம் தர்றேன். வியாழன் மதிய லேபை வேற பேட்ச்சோட முடிச்சுக்க அனுமதி வேணும்."

என்ன வியாதின்னு இதுல ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ஃபைல்ல "மருத்துவம்"னு ஏறிடும். கடைசி வரி ரொம்ப முக்கியம். லேப்ல எக்ஸ்பெரிமென்ட் விட்டுப்போனா ரெக்கார்டும் நிக்கும், இன்டர்னல் மார்க்கும் போகும். அட்டெண்டன்ஸ் சரியானா மட்டும் இது சரியாகாது. ஆண் ஆசிரியர்கிட்ட சொல்லத் தயக்கமா இருந்தா, துறையில இருக்கற ஒரு மேம் வழியா சொல்லலாம்.

கடிதம் கேக்கறப்போ டாக்டர்கிட்டயே சொல்லுங்க: நோயோட பேர் வேணாம், இன்னின்ன தேதில சிகிச்சைக்கு வந்தார்னு மட்டும் இருக்கட்டும், துறை பேர் இல்லாம ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல குடுங்கன்னு. மனநல சிகிச்சைன்னா 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 23ஆம் பிரிவு அந்த ரகசியத்தை உங்க உரிமைன்னே சொல்லுது. தேதியை மாசத்துக்கு ஒரு தடவை வாங்கி வச்சுக்கறது நல்லது. செமஸ்டர் கடைசில 12 தேதியையும் ஒண்ணா கேட்டா, ஓபி கூட்டத்துல எந்த டாக்டருக்கும் பொறுமை இருக்காது.

இன்டர்னல் டெஸ்ட் விட்டுப்போனாலும் இதே தான். ரீடெஸ்ட் தரலாமா வேணாமான்னு ஒருத்தர் முடிவு பண்ணணும், அந்த முடிவுக்கு ஒரு காரணம் எழுதியாகணும். "பெர்சனல்"னு எழுதி ரீடெஸ்ட் கேட்டா, படிக்காம வரலன்னு தான் அர்த்தமாகும். பொங்கலுக்கு முந்தின நாள் ஒரே கிளாஸ்ல பதினஞ்சு பேருக்கு "பெர்சனல் ஒர்க்" வந்தாலும் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு "ஊருக்கு பஸ் சார், ராத்திரி டிக்கெட் கிடைக்கல"ன்னு சொல்றவனுக்குத் தான் மரியாதை.

பிளேஸ்மென்ட் டிரைவ் இன்னும் கறாரு. பேர் குடுத்துட்டு வரலன்னா, கம்பெனி ஹெச்ஆர்கிட்ட பதில் சொல்றது பிளேஸ்மென்ட் ஆபீசர். முந்தின நாளே "குடும்பத்துல ஒரு அவசரம், நாளைக்கு வர முடியாது, என் பேரை எடுத்துடுங்க சார்"னு போனா, லிஸ்டைத் திருத்த அவருக்கு நேரம் இருக்கும். டிரைவ் முடிஞ்ச சாயங்காலம் "பெர்சனல் ஒர்க் சார்"னு போனா, அடுத்த கம்பெனி லிஸ்ட்ல உங்க பேரைச் சேர்க்கறதுக்கு முன்னாடி அவர் யோசிப்பார்.

புராஜெக்ட் டீமேட்ஸ் விஷயம் மட்டும் தலைகீழ். அவங்களுக்குக் காரணமே வேணாம், நீங்க எதுக்கு வரலன்னு யாருக்கும் கவலையில்ல. "நாளைக்கு ரிவ்யூவுக்கு வரமாட்டேன்டா, பெர்சனல். சென்சார் கோட் டிரைவ்ல போட்டுட்டேன், ஸ்லைடு 6 முதல் 9 வரை நீ பேசிடு, சந்தேகம்னா ராத்திரி பத்து மணி வரைக்கும் போன் எடுப்பேன்." இதுல "பெர்சனல்"னு ஒரே வார்த்தை தான், யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க.