முறுக்கின் அடக்க விலையும் அம்மையாரின் கூலியும்

சங்கத்தின் அங்கத்தினர்களுள் பலருடைய இல்லங்களில், தறியோடும் வயலோடும் சிறு பலகாரத் தொழிலும் நடைபெற்று வருகிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் திரண்டு வருவதும், கார்த்திகைத் தீபத்தின்போது அத்திரள் பன்மடங்காவதும் இத்தொழிலுக்கு ஆதாரம். ஆனால் விலையை எவ்வாறு நிர்ணயிக்கிறீர்கள் என்று வினவினால், "பக்கத்துக் கடைக்காரர் போடும் விலைதான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இம்மாதப் பாடத்தில், அடக்க விலையைக் கணக்கிட்டு அதன்மேல் விலை வைக்கும் முறையை ஒரே ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

நெசவாளர் ஒருவரின் மனைவியார் வெண்ணெய் முறுக்குச் சுட்டு, 200 கிராம் பொட்டலம் 50 ரூபாய் வீதம் பௌர்ணமியன்று தாமே விற்று வந்தார். ஒரு தடவைக்கு 25 பொட்டலங்கள். வரவு 1,250 ரூபாய். மளிகைக்கு 695, பொட்டல உறைக்கு 100 போக, 455 ரூபாய் இலாபம் என்று அவர் குறித்து வைத்திருந்தார். நாம் அவரோடு அமர்ந்து அக்கணக்கை மீண்டும் எழுதினோம்.

முதலாவது, மூலப்பொருள். பச்சரிசி 4 கிலோ 200 ரூபாய். உளுந்து அரைக் கிலோ 65. வெண்ணெய் 200 கிராம் 120. எள், சீரகம், பெருங்காயம், உப்பு 40. மாவு மில் கூலி 45. எண்ணெய் ஒன்றரை லிட்டர் 225. ஆக 695 ரூபாய். இவற்றுள் தவறு நேரக்கூடிய இடம் எண்ணெயே. சுடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை அளந்து, குறைந்த அளவையும், கறுத்துப்போனதால் கொட்டிவிட வேண்டிய அளவையும் சேர்த்தே செலவாகக் கொள்ளவேண்டும். மற்றொன்று, சுட்டு எடுத்த முறுக்கு ஐந்தரைக் கிலோ. ஆனால் உடைந்தது அரைக் கிலோ. விற்கத்தக்கது 5 கிலோ மட்டுமே. அடக்கத்தை வகுக்கவேண்டியது இந்த 5 கிலோவால்தான்.

இரண்டாவது, எரிபொருள். அம்மையார் வீட்டுச் சமையல் சிலிண்டரிலேயே முறுக்கும் சுட்டு வந்தபடியால், அச்செலவு குடும்பக் கணக்கில் மறைந்து கிடந்தது. வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிக்குப் புறம்பானது. தொழிலுக்குரிய 19 கிலோ சிலிண்டரே வேண்டும். சுடுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் நிறுத்தால் செலவு தெரிந்துவிடும். பெரிய அடுப்பில் நான்கு மணி நேரத்திற்கு 1.2 கிலோ குறைந்தது. கிலோ 100 ரூபாய் வீதம் 120 ரூபாய்.

மூன்றாவது, பொட்டலம். உறை ஒன்றுக்கு 3 ரூபாய், பெயர்ச் சீட்டுக்கு 1 ரூபாய். 25 பொட்டலங்களுக்கு 100 ரூபாய். இதை மட்டும் அம்மையார் சரியாகவே எழுதியிருந்தார்.

நான்காவது, இதர செலவு. வாணலி, அடுப்பு, தராசு, முறுக்கு உழக்கு ஆகியவற்றுக்கு 12,000 ரூபாய் முதலீடு. அவை நான்கு ஆண்டுகள் உழைக்கும் எனவும், ஆண்டுக்கு 100 தடவை சுடுவதாகவும் கொண்டால், ஒரு தடவைக்குத் தேய்மானம் 30 ரூபாய். மின்சாரம், தண்ணீர், வண்டிச் சத்தம், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றின் பங்கு 65 ரூபாய். ஆக 95.

ஐந்தாவது, கூலி. அம்மையாரின் நாத்தனார் நான்கு மணி நேரம் பிழிந்து கொடுக்கிறார். "வீட்டு மனுஷிக்கு என்ன கூலி?" என்பது கேள்வி. அவர் வாராத நாளில் வெளியாள் வைக்க நேர்ந்தால் மணிக்கு 60 ரூபாய் தரவேண்டியிருக்கும். ஆகவே 240 ரூபாய்.

இப்போது அம்மையாரின் 455 ரூபாயைப் பாருங்கள். அதில் எரிபொருள் 120, இதர செலவு 95 ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது 240. அது அப்படியே நாத்தனாருக்குச் சேரவேண்டிய கூலி. கொள்முதல், மாவு பிசைதல், சுடுதல், பொட்டலம் கட்டுதல், விற்றல், துலக்குதல் என அம்மையார் உழைத்த 10 மணி நேரத்திற்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இலாபம் என எண்ணியது, எழுதப்படாத செலவே.

தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாவு, ஊடு, சாயம் ஆகியவற்றோடு நெசவுக் கூலியையும் சேர்த்த பின்னரே சேலையின் அடக்கம் பேசப்படுகிறது. வீட்டில் இருந்து நெய்ததனால் கூலி வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. 1959-ஆம் ஆண்டில் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனுடன் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்திலும் இதே முறைதான். உறுப்பினர் மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுக் கொடுக்கும் அப்பளத்திற்கு எடைக்கேற்ப இடுகூலி உண்டு. கூலி முதலில், இலாபப் பங்கீடு பிறகு.

ஆதலின் அம்மையாரின் 10 மணி நேரத்திற்கும், அவ்வேலைக்கு வேறொருவருக்குத் தரவேண்டிய 60 ரூபாய் வீதம் 600 ரூபாய் எழுதினோம். 695, 120, 100, 95, 240, 600 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 1,850. பொட்டலம் ஒன்றின் அடக்கம் 74 ரூபாய். விற்காமல் தங்குவதற்கும், அடுப்பு பழுதாவதற்கும் காப்பாக நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 81 ரூபாய் 40 காசு. நேர் விற்பனை விலை 82.

கடையில் வைத்து விற்பதானால் மற்றொரு பிழை காத்திருக்கிறது. கடைக்காரர் விற்பனை விலையில் நூற்றுக்கு 20 கழிவு கேட்டால், 81.40-இன்மேல் 20 சதவிகிதம் கூட்டி 97.70 என்று வைப்பது தவறு. கழிவு 97.70-இன்மேல் கணக்காகும், அம்மையார் கைக்கு வருவது 78 ரூபாய் 16 காசே. 81.40-ஐ 0.8-ஆல் வகுத்து, 102 ரூபாய் என வைத்தலே சரி.

"82 ரூபாய் சொன்னால் பக்தர்கள் வாங்குவார்களா?" என்றார் அம்மையார். நியாயமான ஐயம். அடக்க விலைக் கணக்கு, கட்டாயம் அவ்விலைக்கு விற்கும் என்று உறுதி கூறுவதில்லை. எவ்விலையில் என்ன இழக்கிறோம் என்பதையே காட்டும். கூலி நீங்கலான அம்மையாரின் செலவு 1,250. எனவே 70 ரூபாய்க்கு விற்றால் வரவு 1,750; அவர் கைக்கு 500, அதாவது மணிக்கு 50 ரூபாய்; காப்பு எதுவும் இல்லை. தெரிந்தே அதை ஏற்பதும் ஒரு முடிவுதான்.

ஆனால் விலையைக் குறைக்குமுன் நேரத்தைக் குறைக்க இயலுமா என்று பார்த்தோம். பௌர்ணமிக்காக இரண்டு தடவைக்குரிய முறுக்கை இரு நாளில் சேர்த்துச் செய்தால், கொள்முதலும் விற்பனையும் துலக்கலும் ஒருமுறையே. 20 மணி நேர வேலை 17 மணியில் முடிந்தது. ஒரு தடவைக்குக் கூலி 510, அடக்கம் 1,760, பொட்டலத்திற்கு 70 ரூபாய் 40 காசு. விலை 75 என்று வைத்தார். காப்புக்கு 115 ரூபாய் நிற்கிறது. 50 பொட்டலமும் விற்றாக வேண்டும் என்பதே இதன் வரம்பு. பௌர்ணமியல்லாத நாட்களில், முன்கூட்டி ஆர்டர் வந்தாலன்றி, ஒரு தடவைக்கு மேல் சுடலாகாது.

மேற்கண்ட விலைகள் எடுத்துக்காட்டேயாம். உங்கள் கடைத்தெரு விலையை இட்டு, ஒரே ஒரு தடவைக்காவது எண்ணெயையும் சிலிண்டரையும் நிறுத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். எண்ணெய் விலையோ உளுந்து விலையோ மாறும்போது, அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். உழைப்பின் வரி மட்டும் வெறுமையாக இருக்க வேண்டாம்.